தாயம்மாவின் மீன்கண்

தாயம்மாவிடம் ‘முடியாது’ என்று சொல்வது சுலபம். சொன்ன பிறகு அவரை வாசலை விட்டு அனுப்புவதுதான் கஷ்டம். என் மனைவி ஜலஜா அவரிடம் இரண்டு வருஷமாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, அந்த முடியாதைக் கேட்டுக்கொண்டு, மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கேட்டது பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஜலஜாவும் அவள் சிநேகிதிகளும் வருஷத்துக்கு ஒரு முறை கைவேலைத் துணிக் கண்காட்சி நடத்துவார்கள். அதில் தாயம்மாவுக்கு ஒரு மேஜை வேண்டும். மேஜைக்கு மேலே ‘ஸ்கிரீன் பிரின்ட்’ என்று ஒரு போர்டு வேண்டும். அவ்வளவுதான்.

ஜலஜா பெண்கள் கல்லூரி ஒன்றில் ஜவுளிப் பாடம் நடத்துகிறவள். துணி என்று வந்துவிட்டால் அவளுக்குத் தாட்சண்யம் கிடையாது. மரக்கட்டையில் செதுக்கிக் குத்துகிற பிளாக் பிரின்ட் வரலாம். மெழுகு பூசிச் சாயத்தில் முக்குகிற பாத்திக் வரலாம். நூலையே கட்டிச் சாயமேற்றி அப்புறம் நெய்கிற இக்கத் வரலாம். ஸ்கிரீன் பிரின்ட் மட்டும் வாசலோடு சரி. அது தொழிற்சாலைச் சரக்கு என்பது அவள் கட்சி. நான் பாங்கில் வேலை பார்க்கிறவன். எனக்குக் கட்சி கிடையாது. வருஷா வருஷம் பெஞ்சு தூக்குவதும் போர்டு எழுதுவதும் என் பொறுப்பு.

தாயம்மா ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். அவருடைய அம்மா பெசன்ட் நகரில் கூடை வைத்து மீன் விற்றவர். கூடையைப் பெண்ணின் தலைக்கு மாற்ற நினைத்த நாளில், பெண் ஈக்காட்டுத்தாங்கலில் பனியனுக்குப் படம் அச்சடிக்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முதலில் அச்சடிக்கிற வலைச் சட்டங்களைக் கழுவினார். அப்புறம் சாயம் கலக்கினார். அப்புறம் முதலாளி ஊரில் இல்லாத ஒரு நாள் மேஜையில் நின்று அச்சே அடித்துவிட்டார். முதலாளி திரும்பி வந்து எது தன் துணி, எது அவள் துணி என்று தெரியாமல் விழித்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் தாயம்மா முகத்தில் ஒரு மிதப்பு இருக்கும். இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த மிதப்பு. தொண்ணூற்றாறில் அதே தெருவில் ஒரு கொட்டகையும் இரண்டு நீள மேஜைகளும் அவருக்குச் சொந்தம். கூட மூன்று பெண்கள் வேலை செய்தார்கள்.

ஒரு தடவை அந்தக் கொட்டகைக்குப் போயிருந்தேன். புடவையை மேஜைமேல் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் குத்தியிருந்தார்கள். மெல்லிய வலை கட்டிய சட்டம் ஒன்றை அதன்மேல் வைத்து, சாயத்தை ஊற்றி, ரப்பர் விளிம்பு வைத்த கட்டையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓர் இழுப்பு. வலையில் எங்கே அடைப்பு இல்லையோ அங்கே மட்டும் சாயம் இறங்கும். ஈரம் ஈஷிக்கொள்ளாமல் இருக்க ஓர் இடம் விட்டு ஓர் இடம் அடித்துக்கொண்டே போய், அப்புறம் விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். நாலு நிறம் என்றால் நாலு சட்டம். ஒவ்வொன்றும் முந்தியதன்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். ஓரத்தில் சாயம் குளம் கட்டிவிட்டது. தாயம்மா சிரிக்காமல், "சார், நீங்க பாங்கிலயே இருங்க" என்றார்.

அங்கேதான் மீன்கண்ணையும் பார்த்தேன். வலையில் மருந்து பூசி, படத்தை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், படம் இருந்த இடத்தில் வலை திறந்துகொள்ளும்; கூடவே வேண்டாத இடத்திலும் சின்னச் சின்ன ஊசித்துளை விழும். அதையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் அச்சடிப்பார்கள். தாயம்மா எல்லாவற்றையும் அடைப்பார். ஒன்றை மட்டும், பூவுக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே விட்டுவைப்பார். துணியில் அது கடுகளவு புள்ளியாக விழும். மீன்கண் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். யாரோ அடித்த துணியில் சாயம் போனால் தன்னிடம் வந்து சண்டை போடக் கூடாது, தன் துணி தனக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

எல்லாம் தெரிந்தவர் என்றும் நினைத்துவிடக் கூடாது. முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஜலஜா கட்டியிருந்த இக்கத் புடவையைப் பார்த்து, "இத்த யாரு மேடம் அடிச்சது? கலர் எல்லாம் நவுந்து போய்க் கீது. ரெண்டாவது ஸ்கிரீன ஒழுங்கா வெக்கல" என்று சொல்லிவிட்டார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தேன். ஜலஜாவுக்கோ ஒரு மாணவி கிடைத்த சந்தோஷம். தலைப்பில் தொங்கிய குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவி அவர் கையில் கொடுத்தாள். ஒரே நூலில் கொஞ்ச தூரம் சிவப்பு, கொஞ்ச தூரம் வெள்ளை, மறுபடி சிவப்பு. முறுக்கைப் பிரித்தால் உள்ளேயும் அதே நிறம்.

"நெய்யறதுக்கு முன்னாடியே நூல்ல கலர் ஏறிடும் தாயம்மா. நெய்யும்போது நூல் துளி முன்னே பின்னே போகும். அதனாலதான் நூல் ஓடற பக்கமா ஓரம் கலங்கினாப்ல தெரியறது. திருப்பிப் பாருங்க, பின்பக்கமும் இதே பளிச்சு."

தாயம்மா புடவையைத் திருப்பினார், நூலைப் பார்த்தார், மறுபடி திருப்பினார். "தப்பா சொல்லிட்டேன்" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார். "ஆனா எனக்கு மேஜை வேணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது வருஷக் கண்காட்சிக்குச் சரக்குத் தேர்வு நடந்த நாள் மத்தியானம், மறுபடியும் கேட்க மண்டபத்துக்கே வந்து உட்கார்ந்தார். தேர்வு அன்றோடு முடிகிறது. ஜலஜா மேஜை மேஜையாகத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திக் என்று ஒருவர் கொண்டுவந்ததை அரை நிமிஷத்தில் திருப்பி அனுப்பினாள். மெழுகு நொறுங்கின வெடிப்பில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓட வேண்டும், அந்த நரம்பு இரண்டு இடத்தில் ஒன்றாக இருக்கவே இருக்காது. அவர் துணியிலோ முழத்துக்கு முழம் ஒரே நரம்பு. வெடிப்பையே அச்சடித்திருந்தார்கள். அந்த ஆள் மறுபேச்சு இல்லாமல் மூட்டையைக் கட்டினார்.

அடுத்த மேஜை ஸ்ரீரங்கனுடையது. தி.நகரில் கடை வைத்திருப்பவர், நல்ல இங்கிலீஷ், நல்ல சட்டை. மேஜையில் இண்டிகோ நீலப் பூப் போட்ட பருத்திப் புடவைகளை அடுக்கி வைத்திருந்தார். ‘கை பிளாக் பிரின்ட்’ என்று ஒவ்வொன்றிலும் சீட்டு. ஜலஜா மேலே இருந்த மடிப்பைப் பார்த்தாள். இலை ஒன்று கோட்டை விட்டுத் துளி விலகியிருந்தது. பூவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. அச்சுக்கட்டையின் மூலையில் இப்படி ஒரு முள் வைப்பார்கள். அடுத்த குத்தை எங்கே வைப்பது என்பதற்கு அது அடையாளம். அந்தப் புள்ளியைப் பார்த்ததும் ஜலஜாவுக்குத் திருப்தி. தலையாட்டிவிட்டு நகர்ந்தாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயம்மாவின் முகம் மாறிவிட்டது.

"இன்னா சார் இது. அது என் மீன்கண்ணு" என்றார் மெல்ல. ஸ்ரீரங்கன்தான் அவருடைய பெரிய வாடிக்கைக்காரர். ஒரு பிளாக் பிரின்ட் புடவையைக் கொண்டுவந்து கொடுத்து, விலகின இலையையும் கோணல் இணைப்பையும் தப்போடு சேர்த்து அப்படியே எடுக்கச் சொன்னாராம். தாயம்மா தன் சரக்கில் எல்லாம் ஸ்கிரீன் பிரின்ட் என்று சீட்டு வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். அது வழியில் எங்கோ மாறிவிட்டது.

"சொல்லப் போறீங்களா?" என்று கேட்டேன்.

சொன்னால் அவர் கொட்டகையில் இரண்டு மேஜையில் ஒன்று காலி, மூன்று பெண்களில் யாரையாவது நிறுத்த வேண்டும். எனக்கே அது தெரிந்தது. அவர் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அதற்கடுத்த மேஜையில் ஷாஹுல் ஹமீது. இவருக்கும் ஈக்காட்டுத்தாங்கலில்தான் பட்டறை, தாயம்மாவின் கொட்டகைக்கு எதிர்ச்சாரி. மூன்று பேர் நின்று நாள் முழுக்கக் கட்டை குத்துகிற இடம். அவர் துணியை மடிக்காமல் கொடியில் நீளமாகத் தொங்கவிட்டிருந்தார். அதுவே வினையாகிவிட்டது. பூவின் ஒரு இதழ் நுனி உடைந்திருந்தது. அடுத்த பூவிலும் அதே இதழ், அதே உடைசல். அதற்கடுத்ததிலும்.

"ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருது பாய். கைத்தப்பு இப்படி வராது. இது ஸ்கிரீன்" என்றாள் ஜலஜா.

"கட்டையில சில்லு பேந்திருக்கும்மா. நாளைக்குக் கட்டையைக் கொண்டுவந்து காட்டறேன்."

"போன வருஷமும் ரெண்டு பேர் இதையேதான் சொன்னாங்க. கட்டை வரவே இல்லை. தேர்வு இன்னியோட முடியறது, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஷாஹுல் ஹமீது வாதாடுகிற ரகம் இல்லை. கொடியிலிருந்து துணியை இறக்கி மடிக்க ஆரம்பித்தார். அவர் மடித்த விதத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. என் பக்கத்து நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"மேடம், பாய மடிக்க வுடாதீங்க" என்றார் தாயம்மா. "இதழு ஒடஞ்சது எல்லாப் பூவுலயும் ஒரே மாரிதான். ஒத்துக்கறேன். பக்கத்துப் பூவோட சேர்ற எடத்தப் பாருங்க."

ஜலஜாவுக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் துணியைப் பார் என்று யார் சொன்னாலும் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஓர் இடத்தில் இரண்டு குத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அடுத்த இடத்தில் நடுவே வெள்ளைக் கீற்று. இங்கே சாயம் அழுத்தம், அங்கே வெளிறல். எந்த இணைப்பும் இன்னொன்றைப் போல இல்லை. வரிசைக் கடைசியில் வந்ததும் அவளே நிறுத்தினாள். அங்கே கட்டையைத் திருப்பிப் பிடித்துக் குத்தியிருக்கிறார்கள், உடைந்த இதழ் கீழ்ப்பக்கம் போயிருந்தது.

"சில்லு கட்டையோடது, இணைப்பு கையோடது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். "பாய், மன்னிச்சுக்கோங்க. நான் தப்பாப் பார்த்துட்டேன்."

"கட்டையை மாத்தாம குத்தினது என் சோம்பேறித்தனம்" என்றார் ஷாஹுல் ஹமீது. மறுபடி கொடியில் ஏற்றினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தாயம்மா நிறுத்தவில்லை. "அந்தப் புடவையையும் பிரிச்சுப் பாருங்க மேடம்" என்று ஸ்ரீரங்கன் மேஜையைக் காட்டினார்.

"இவ யாரு? இவளுக்கு இங்க என்ன வேலை?" என்றார் ஸ்ரீரங்கன், நன்றாகத் தெரிந்துகொண்டே.

"உங்க புடவைய அடிச்சவ சார்."

ஜலஜா புடவையை உதறி ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "நன்னா இழுத்துப் பிடியுங்கோ" என்றாள். நான் புடவை நீளத்துக்கும் பின்புறமாகவே நடந்து போய்ப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து தேடினாள். விலகின இலை. ஒன்றரை முழம் தள்ளி அதே இலை, அதே பக்கம், அதே அளவு விலகல். பூவின் பக்கத்தில் அதே புள்ளி. கட்டையின் முள்ளாக இருந்தால் சாணுக்கு ஒன்று விழுந்திருக்க வேண்டும். இதுவோ சட்டம் உட்கார்ந்த இடத்துக்கு ஒன்று. கோணல் இணைப்புகூட வரிசை தவறாமல் அப்படியே திரும்பி வந்தது. புடவையைப் புரட்டினாள். கட்டையால் குத்தின துணியாக இருந்தால் சாயம் ஆழமாக இறங்கியிருக்கும்; இதில் மேல்பக்கத்து இண்டிகோவில் பாதிகூடப் பின்பக்கம் இறங்கவில்லை.

எனக்கு ஜலஜாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே நாளில் நிஜத்தைப் பொய் என்றும் பொய்யை நிஜம் என்றும் சொல்லியிருக்கிறாள், அதுவும் தெரியாமல் இல்லை, ரொம்பத் தெரிந்ததால். ஆனால் அவள் கலங்குகிற ஆள் இல்லை. எழுந்து புடவையை மடித்து ஸ்ரீரங்கன் கையில் கொடுத்தாள். "உங்க சரக்கை எடுத்துண்டு போயிடுங்கோ."

ஸ்ரீரங்கன் தாயம்மாவிடம்தான் திரும்பினார். "அடுத்த மாசத்துலேர்ந்து வேற எடத்துல அடிச்சுக்கறேன். ஸ்கிரீனையெல்லாம் கழுவி வெச்சுக்கோ."

அவர் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவரை தாயம்மா நின்றுகொண்டே இருந்தார். போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். இனி அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், அந்த மேஜை இப்ப காலியாத்தான கீது?" என்றார்.

ஜலஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தாயம்மா, நீங்க பண்ணினது பெரிய காரியம். அதுக்காக ரூலை மாத்தினா நாளைக்கு எல்லாரும்..."

"நா பண்ணதுக்குக் கூலி கேக்கல மேடம். இதே துணிய கொஞ்சம் முன்னாடி பாத்தீங்க, நல்லா கீதுன்னு தலைய ஆட்டினீங்க. பொய்ப் பேர்ல வந்தப்ப உள்ள வுட்டீங்க. அதே துணி சொந்தப் பேர்ல வந்தா வெளிய தள்ளுவீங்களா?"

ஜலஜா அந்தக் காலி மேஜைக்குப் போய், ஸ்ரீரங்கன் விட்டுப்போன சீட்டு ஒன்றை எடுத்துப் படித்தாள். ஷாஹுல் ஹமீது தன் கொடியைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. வீட்டில் சாப்பாடு வேண்டுமே என்று சும்மா இருந்தேன்.

கடைசியில் ஜலஜா என்னைப் பார்த்தாள். "போர்டு எழுத அட்டை மிச்சம் இருக்கா?"

இருந்தது. நான் ஆசையாக ‘கையால் இழுத்த கலை ஸ்கிரீன் பிரின்ட்’ என்று பென்சிலில் போட்டுக் காட்டினேன். தாயம்மா எட்டிப் பார்த்தார். "முன்னாடி கீறத எல்லாம் அழிச்சிடு சார். ஸ்கிரீன் பிரின்ட்னு மட்டும் எழுது."

கண்காட்சி நடந்த நாட்களில் அவர் மேஜையில்தான் கூட்டம். வந்தவர்களிடம் துணியைத் திருப்பிக் காட்டுவார், மீன்கண்ணைத் தேடச் சொல்லுவார். இது பிளாக்கா என்று யாராவது கேட்டால், "அது வேணும்னா பக்கத்துல பாயாண்ட போங்க, வெல ஜாஸ்தி, அந்த வேலையும் ஜாஸ்தி" என்று அனுப்பிவைப்பார். கூட்டம் இருந்ததே தவிர, ஸ்ரீரங்கன் விட்டுப்போன பள்ளம் உடனே நிரம்பவில்லை. ஒரு மேஜையில் சில மாதம் துணிப்பை அடித்தார்கள், கட்சிக்கொடிகூட அடித்தார்கள். மூன்று பெண்களில் ஒருத்தியையும் நிறுத்தவில்லை. எப்படிச் சமாளித்தார் என்று கேட்டதற்கு, "சமாளிச்சேன் சார்" என்றார்.

தொண்ணூற்றொன்பதில், ஜப்பானில் இருக்கும் என் தங்கை பெண் மாளவிகா ஒரு பட்டுத் துண்டு அனுப்பினாள். கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் துணியில் அச்சடிக்கிற புது மிஷினில் செய்ததாம். தாயம்மாவும் ஜலஜாவும் எங்கள் கூடத்துத் தரையில் அதை விரித்துப் போட்டுக்கொண்டு, தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். ஒரு முழுத் தோட்டம் அதில் இருந்தது. எந்தப் பூவும் திரும்பி வரவில்லை. இணைப்பு என்று ஒன்றே இல்லை. சிவப்பு எங்கே முடிந்து மஞ்சள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

"இத்தினி கலருக்கு ஸ்கிரீன் போட்டா என் கொட்டாய் பத்தாது" என்றார் தாயம்மா. துண்டைப் புரட்டினார். பின்பக்கம் கிட்டத்தட்ட வெள்ளை. ஜலஜா லென்ஸை நீட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். மஞ்சளில் ஒரு தூவல், சிவப்பில் ஒரு தூவல், கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிப் புள்ளிகள் சேர்ந்துதான் அந்தப் பூக்கள் எல்லாம்.

"மொத்தமும் மீன்கண்ணு" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "இது இங்கே வந்தா உங்க பொழைப்பு என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.

"இதுல ஒரு துண்டு அடிக்கிற வெலைக்கு நா மூட்டையா அடிப்பேன். ஒரு நாளு வெல எறங்கும். அப்ப பாத்துக்கலாம்." துண்டைத் தடவிப் பார்த்தார். "இத்த இன்னா பேர்ல விக்கிறாங்க?"

"டிஜிட்டல் பிரின்ட்" என்றாள் ஜலஜா. "என்ன பேரா இருந்தா என்ன, மிஷின் வேலை. நம்ம கண்காட்சிப் பக்கம் இதை நான் அண்டவே விடமாட்டேன்."

தாயம்மா துண்டை நாலாக மடித்து ஜலஜாவின் மடியில் வைத்தார்.

"வரும் மேடம். வந்தா ஒரு மேஜை குடுங்க. அதும் பேர அதும் போர்டுல எழுதி வெக்கச் சொல்லுங்க. எம் பக்கத்துலயே போடுங்க, நா பாத்துக்கறேன்."

ஜலஜா என்னைப் பார்த்தாள். நான் அட்டை தேட எழுந்தேன்.